கெடு கடந்த பில்லுக்கு மூன்று கடிதங்கள்

வேலையை முடித்துக் கொடுத்து, பில்லும் அனுப்பி, கெடு தேதி கடந்த பிறகும் பணம் வரவில்லை என்றால், தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் வாய் திறக்காமல் இருப்பார்கள். அல்லது அந்த ஒரு மாத மனக்கசப்பையும் சேர்த்து ஒரே கடிதத்தில் கொட்டிவிடுவார்கள். முதலாவதால் பணம் தள்ளிப்போகும். இரண்டாவதால் வாடிக்கையாளரே போய்விடுவார்.

ஒரு சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் வசூல் கடிதங்களை எழுதும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. நான் கடைப்பிடிப்பது மூன்று கடித முறை. கடிதத்துக்குக் கடிதம் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் யாருக்கு எழுதுகிறோம், எதைக் கேட்கிறோம், எந்தத் தேதியைக் குறிப்பிடுகிறோம் என்பவற்றிலிருந்து வர வேண்டும். மரியாதை மூன்றிலும் ஒரே அளவுதான். நாங்கள் அனுப்பிய ஒரு பில்லின் கதையை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்துக்கு 64 பக்கப் பயிற்சிக் கையேடு ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தோம். பில் எண் 147, தேதி மார்ச் 3, தொகை 48,000. பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் தருவதாக ஒப்பந்தம். ஆகவே கெடு ஏப்ரல் 2. அன்று பணம் வரவில்லை.

எழுதுவதற்கு முன்

முதலில் நம் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். 30 நாள் என்பது பில் தேதியிலிருந்தா, பில் அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். பில் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா, சரியான முகவரிக்குப் போனதா, அவர்கள் கொடுத்த ஆர்டர் எண் அதில் இருக்கிறதா, வங்கிக் கணக்கு எண்ணில் பிழை இல்லையா என்றும் பாருங்கள். ஆர்டர் எண் இல்லாத பில்லைப் பல நிறுவனங்களின் கணக்குப் பிரிவு ஓரமாக வைத்துவிடும். அதை நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். தவறு நம்முடையது என்றால் திருத்திய பில்லை அனுப்பி, புதிய கெடுவைக் கேட்பதுதான் முறை. அப்போது நினைவூட்டலுக்கு இடமில்லை.

அடுத்து, அவர்களுடைய பட்டுவாடா நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனங்கள் பில் வந்த வரிசையில் தினமும் பணம் அனுப்புவதில்லை. வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ வைத்து, அன்றைக்குரிய பட்டியலில் இருப்பவர்களுக்கு மொத்தமாக அனுப்புவார்கள். இந்த வாடிக்கையாளருக்கு அது 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும். தொலைபேசியில் கணக்குப் பிரிவு ஊழியரிடம் கேட்டதும் அவர் தயங்காமல் சொன்னார். இது தெரிந்தால் கடிதம் எழுத வேண்டிய நாளும் தெரிந்துவிடும். 9ஆம் தேதி மாலை எழுதினால் பட்டியல் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும். 11ஆம் தேதி எழுதினால் அடுத்த இரண்டு வாரத்துக்கு யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

முதல் கடிதம்: மறந்திருப்பார்கள் என்று நம்பி

கெடு கடந்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முதல் கடிதம் போக வேண்டும். கெடுவுக்கு மறுநாளே எழுதினால் அவசரப்படுவதாகத் தோன்றும். பணம் வங்கியில் பயணத்தில் இருக்கவும் கூடும். இரண்டு வாரம் விட்டு எழுதினால், இவர்களுக்குக் கெடு ஒரு பொருட்டில்லை என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். நாங்கள் ஏப்ரல் 7 அன்று, வேலையை ஒப்படைத்த அதே அதிகாரிக்கு, பில் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இதை எழுதினோம்.

> பொருள்: பில் எண் 147 – தொகை 48,000 – கெடு ஏப்ரல் 2
>
> ஐயா, வணக்கம்.
>
> பயிற்சிக் கையேட்டு வடிவமைப்புக்கான எங்கள் பில் எண் 147-க்குரிய தொகை ஏப்ரல் 2 அன்று வர வேண்டியிருந்தது. இன்று காலை வரை எங்கள் கணக்கில் வரவாகவில்லை. பில்லின் நகலை இத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறேன்.
>
> தாங்கள் இதைப் பார்த்து, 10ஆம் தேதிப் பட்டியலில் இந்த பில் இருக்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். தொகை ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.
>
> நன்றி.

மிகச் சாதாரணமான கடிதம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு சொல்லமைப்பை மட்டும் கவனியுங்கள்: ‘தொகை வரவாகவில்லை’. இந்த வாக்கியத்தின் எழுவாய் தொகை. ‘நீங்கள் தொகையை அனுப்பவில்லை’ என்று எழுதியிருந்தால் செய்தி அதேதான். ஆனால் எழுவாய் படிப்பவராகிவிடுகிறார், வாக்கியம் குற்றச்சாட்டாகிவிடுகிறது. தமிழில் ‘நீங்கள்’ என்று தொடங்கி ‘இல்லை’ என்று முடியும் எந்த வாக்கியமும், முன்னால் எத்தனை ‘தயவுசெய்து’ போட்டாலும், விரல் நீட்டுவதுபோலத்தான் ஒலிக்கும். புதிதாக எழுதுபவர்களிடம் நான் சொல்லும் ஒரே இலக்கண விதி இது. அனுப்புவதற்கு முன் அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடிப் பிடித்து, பில்லையோ தொகையையோ எழுவாயாக்குங்கள். மூன்று கடிதங்களுக்கும் இது பொருந்தும்.

மன்னிப்புக் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். ‘தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கும் நினைவூட்டல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்த வேலைக்குரிய பணத்தைக் கேட்பது தொந்தரவு அல்ல. முதல் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டால் மூன்றாவதில் உறுதியாகப் பேசுவதற்குக் காலூன்ற இடம் இருக்காது. ‘எங்களுக்குப் பணமுடை, வாடகை கட்ட வேண்டும்’ என்று நம் சிரமத்தை எழுதுவதும் வேண்டாம். பணம் வர வேண்டியது ஒப்பந்தப்படி. நம் தேவையின்படி அல்ல.

பொருள் வரியில் பில் எண், தொகை, கெடு மூன்றும் இருக்கட்டும். ‘ஒரு சிறு நினைவூட்டல்’ என்று மட்டும் பொருள் வரி வைத்தால், ஒரு நாளில் நூறு மின்னஞ்சல் பார்ப்பவர் அதைத் திறக்காமலே கடந்துவிடுவார்.

பில்லின் நகலை இணைக்கும்போது அது முதலில் அனுப்பிய அதே கோப்பாக இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு மாறியிருந்தால் அதை நினைவூட்டலோடு சேர்த்துச் சொல்லவே கூடாது. ‘பணம் வரவில்லை, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்’ என்பது மோசடிக்காரர்கள் வழக்கமாக அனுப்பும் கடிதம். விவரம் அறிந்த எந்தக் கணக்குப் பிரிவும் அதைக் கண்டதும் பணத்தை நிறுத்திவைக்கும். கணக்கு மாற்றத்தைத் தனியாக, தொலைபேசியில் பேசி உறுதிப்படுத்த வேண்டும்.

இரண்டாம் கடிதம்: தேதி கேட்டு

எங்கள் முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. 10ஆம் தேதிப் பட்டுவாடாவிலும் பணம் இல்லை. கெடு முடிந்து இரண்டு வாரம் ஆன ஏப்ரல் 16 அன்று இரண்டாம் கடிதம் போனது. பெறுநராக அதே அதிகாரி இருந்தார். நகல் கணக்குப் பிரிவின் பொது முகவரிக்குப் போனது. இந்த நகல்தான் முதல் படி அழுத்தம். மேலதிகாரியை இப்போதே சேர்க்கத் தேவையில்லை. கணக்குப் பிரிவு என்பது பில்லைக் கையாள வேண்டிய இடம் என்பதால், அவர்களைச் சேர்ப்பதை யாரும் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

> பொருள்: இரண்டாம் நினைவூட்டல் – பில் எண் 147 – தொகை 48,000 – கெடு ஏப்ரல் 2
>
> ஐயா, வணக்கம்.
>
> பில் எண் 147 தொடர்பாக ஏப்ரல் 7 அன்று எழுதியிருந்தேன். கெடு முடிந்து 14 நாட்கள் ஆகின்றன. தொகை இன்னும் நிலுவையில் உள்ளது.
>
> இரண்டு விவரங்களை ஏப்ரல் 18க்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
> 1. எந்தத் தேதியில் தொகை அனுப்பப்படும்?
> 2. பில்லிலோ வேலையிலோ ஏதேனும் ஆட்சேபம் இருக்கிறதா? எங்களிடமிருந்து வேறு ஆவணம் தேவைப்படுகிறதா?
>
> தேவையானதை அன்றைக்கே அனுப்பிவைக்கிறோம். பில்லின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.
>
> நன்றி.

முதல் கடிதம் ‘பாருங்கள்’ என்றது. இது ‘பதில் சொல்லுங்கள்’ என்கிறது. ‘விரைவில் செலுத்தவும்’, ‘உடனடியாக ஆவன செய்யவும்’ என்பவை கடுமையாக ஒலித்தாலும் உள்ளே ஒன்றும் இல்லாத வாக்கியங்கள். அவற்றுக்கு ‘விரைவில் செய்கிறோம்’ என்று பதில் எழுதிவிட்டு அவர் நிம்மதியாக இருக்கலாம். ‘எந்தத் தேதியில்’ என்ற கேள்விக்குத் தேதியைத் தவிர வேறு எதுவும் பதிலாகாது.

ஆட்சேபம் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேலையில் குறை கண்டும் அதைச் சொல்லச் சங்கடப்பட்டுப் பணத்தை மட்டும் நிறுத்திவைப்பவர்கள் உண்டு. இங்கே அவர்களுக்கு ஒரு வாசல் திறந்து வைக்கிறோம். உண்மையிலேயே ஆட்சேபம் இருப்பதாகப் பதில் வந்தால் மூன்றாம் கடிதத்துக்குப் போகக் கூடாது. குறை என்ன என்பதை எழுத்தில் வாங்கி, அதைத் தீர்க்கும் பேச்சைத் தனியாக நடத்துங்கள். குறையில்லாத பகுதிக்கான தொகையை மட்டும் அதுவரை கேட்கலாம். அதேபோல, இப்போது ஆட்சேபம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, மூன்றாம் கடிதத்தின்போது திடீரென ஒரு குறை முளைத்தால், ‘ஏப்ரல் 16 அன்று இதைக் கேட்டிருந்தோம்’ என்று அமைதியாகச் சுட்டிக்காட்ட நம்மிடம் சான்று இருக்கும்.

மறுநாளே அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. பில் தம்முடைய ஒப்புதலுக்காக மேசையில் காத்திருந்ததாகவும், 25ஆம் தேதிப் பட்டியலில் சேர்த்துவிடுவதாகவும் எழுதியிருந்தார். 10ஆம் தேதிப் பட்டுவாடாவில் ஏன் பணம் இல்லை என்பது அப்போது புரிந்தது. கணக்குப் பிரிவுக்கு பில்லே போய்ச் சேரவில்லை.

இப்படி வாக்குறுதி வந்தால், ‘நன்றி. அப்படியென்றால் ஏப்ரல் 25 அன்று 48,000 முழுவதும் வரும் என்று குறித்துக்கொள்கிறோம்’ என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடுங்கள். வாக்குறுதி தொலைபேசியில் வந்தாலும் இதே வரியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘அடுத்த வாரம்’ என்று சொன்னது இதனால் ஒரு தேதியாக மாறுகிறது. சொன்ன தேதி தவறினால் எங்கே நிற்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றாம் கடிதம்: அடுத்து நாம் செய்யப்போவதைச் சொல்லி

25ஆம் தேதி கடந்தது. பணம் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். வாக்குத் தவறியவருக்கு இரண்டாம் கடிதத்தையே மறுபடி எழுதுகிறார்கள். அவர் மறுபடி ஒரு தேதி சொல்கிறார். இப்படியே மாதங்கள் போகின்றன. சொன்ன தேதி தவறினால் அடுத்த படிக்குப் போக வேண்டும். அதே படியில் நின்று மறுபடி கேட்கக் கூடாது.

மூன்றாம் கடிதத்துக்கு முன் ஒருமுறை தொலைபேசியில் பேசுவது என் வழக்கம். அதிகாரி விடுப்பில் இருக்கலாம், பணம் அன்று காலையில்தான் கிளம்பியிருக்கலாம். உறுதியான கடிதம் ஒன்று அந்த நேரத்தில் போய் விழுந்தால் வீணான கசப்பு வரும். நான் பேசியபோது அவர் வெளியூரில் இருந்தார். ஒப்புதல் கொடுத்துவிட்டதாகச் சொன்னார், அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 28 அன்று நிதிப் பிரிவின் தலைவருக்கு எழுதினேன். அதிகாரிக்கு நகல் வைத்தேன். அவருக்குத் தெரியாமல் அவருடைய மேலிடத்துக்கு எழுதுவது மரியாதை அல்ல.

> பொருள்: இறுதி நினைவூட்டல் – பில் எண் 147 – தொகை 48,000 – 26 நாள் நிலுவை
>
> அம்மா, வணக்கம்.
>
> தங்கள் நிறுவனத்துக்காக நாங்கள் செய்து ஒப்படைத்த பயிற்சிக் கையேட்டு வடிவமைப்புக்கான தொகை ஏப்ரல் 2 முதல் நிலுவையில் உள்ளது. நடந்தவை சுருக்கமாக:
>
> மார்ச் 3 – பில் எண் 147 அனுப்பப்பட்டது.
> ஏப்ரல் 7 – முதல் நினைவூட்டல்.
> ஏப்ரல் 16 – இரண்டாம் நினைவூட்டல்.
> ஏப்ரல் 17 – ஏப்ரல் 25 அன்று தொகை அனுப்பப்படும் என்ற பதில் வந்தது.
> ஏப்ரல் 28 – தொகை வரவாகவில்லை.
>
> தங்களுடைய அடுத்த பட்டுவாடா நாளான மே 10க்குள் 48,000 முழுவதும் எங்கள் கணக்கில் சேர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குள் தொகை வராவிட்டால், ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவின்படி, தற்போது நடந்துவரும் இரண்டாம் கையேட்டின் வேலையை மே 12 முதல் நிறுத்திவைப்போம். தொகை வந்த மறுநாளே வேலை தொடரும்.
>
> முழுத் தொகையையும் ஒரே தவணையில் அனுப்புவதில் சிரமம் இருந்தால் மே 5க்குள் தெரிவியுங்கள். தவணை பற்றிப் பேசத் தயாராக இருக்கிறோம்.
>
> தங்களோடு தொடர்ந்து பணியாற்றவே விரும்புகிறோம். நன்றி.

இந்தக் கடிதத்தில் கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. ‘வருந்தத்தக்கது’, ‘ஏற்க முடியாதது’, ‘பலமுறை கேட்டும்’ போன்றவை எழுத எழுத மனதுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவர் உடனே தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். ‘பலமுறை’ என்பதைவிட இரண்டு தேதிகள் வலுவானவை. தேதியை யாரும் மறுக்க முடியாது. நிதித் தலைவருக்கு இந்த விவகாரமே அன்றுதான் தெரிய வருகிறது. அவர் எவரிடமும் விசாரிக்காமல், அந்த ஐந்து வரிகளிலேயே நடந்ததை முழுவதும் புரிந்துகொள்ள முடிய வேண்டும்.

எச்சரிக்கையின் வாக்கியத்தைப் பாருங்கள். ‘நாங்கள் நிறுத்திவைப்போம்’ என்பதில் எழுவாய் நாம். மூன்றாம் கடிதத்தின் உறுதி அங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு என்ன ஆகும் என்று மிரட்டவில்லை, நாம் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே தெரிவிக்கிறோம். ஆகவே உண்மையில் செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள். வழக்கறிஞரையே பார்க்காதவர் ‘சட்ட நடவடிக்கை’ என்று எழுதினால் அது கடைசிவரை வெறும் வார்த்தையாகவே நிற்கும். தாமத வட்டி கேட்பதும் அப்படித்தான்: ஒப்பந்தத்திலோ உங்களுக்குப் பொருந்தும் சட்டத்திலோ இடம் இருந்தால், அந்தப் பிரிவைச் சுட்டி, கணக்குப் போட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வேலையை நிறுத்த ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். இடம் தராத இடத்தில் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர்கள் நாமாகிவிடுவோம்.

கையில் நடந்துவரும் வேலை எதுவும் இல்லை என்றால் என்ன எழுதுவது? ‘மே 12 அன்று இந்தக் கோப்பை எங்கள் வழக்கறிஞரின் ஆலோசனைக்கு அனுப்புவோம்’ என்று எழுதலாம், அனுப்பப்போவது உண்மையென்றால். அத்தகைய கடிதத்தை மின்னஞ்சலோடு, ஒப்புகை பெறும் வகையில் தபாலிலும் அனுப்புவது நல்லது. போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்.

கெடுவாக மே 10ஐ வைத்ததற்குக் காரணம் அவர்களுடைய பட்டுவாடா நாள். ‘மூன்று நாளில்’ என்று எழுதியிருந்தால் எங்களுக்காக அவர்கள் தங்கள் நடைமுறையையே மாற்ற வேண்டியிருக்கும். அதைக் காட்டியே மறுத்திருப்பார்கள். அவர்களால் நிறைவேற்ற முடிந்த தேதியைக் கொடுக்கும்போது, தவறுவதற்குச் சாக்கு இல்லாமல் போகிறது.

இடையில் பாதிப் பணம் மட்டும் வந்தால், வந்த தொகையையும் தேதியையும் குறிப்பிட்டு நன்றி சொல்லி, மீதி எவ்வளவு என்பதையும் அது எப்போது வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். மீதிக்கு முதல் கடிதத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. நின்ற படியிலிருந்தே தொடரலாம்.

கொடுத்த தேதி கடந்தும் பணம் வராவிட்டால் நான்காம் நினைவூட்டல் கிடையாது. சொன்னதைச் சொன்ன நாளில் செய்துவிட்டு, ‘மே 12 முதல் வேலை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று இரண்டு வரியில் தெரிவியுங்கள். ‘இறுதி’ என்று எழுதிவிட்டு இன்னொன்று அனுப்பினால், அடுத்த ஆண்டு அனுப்பும் ‘இறுதி’யையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. நிதித் தலைவர் அன்று மாலையே பதில் எழுதினார். 25ஆம் தேதிப் பட்டியல் 22ஆம் தேதியே மூடப்பட்டிருந்தது. அதிகாரியின் ஒப்புதல் 24ஆம் தேதிதான் போயிருக்கிறது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. இரண்டு நாள் இடைவெளியில் பில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மே 10 அன்று முழுத் தொகையும் வந்தது. அன்றைக்கே ரசீது அனுப்பி நன்றி சொன்னேன். தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டாம் கையேட்டின் பில்லை அதிகாரிக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். பட்டியல் மூடும் நாளுக்குள் ஒப்புதல் கிடைக்க வேண்டும் என்ற ஒரு வரியை அதன் கீழே சேர்த்திருந்தேன்.